ஒரே மூச்சில் எழுதின நாட்குறிப்பைத் திகதி வரிகளாக்குவது எப்படி? அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, வன்னியில் பல வீட்டு அலுமாரிகளுக்குள் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கும். செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அம்மாவோ பெரியம்மாவோ எழுதியது. முற்றுப்புள்ளியும் இல்லை, பந்தியும் இல்லை, திகதியும் இல்லை. 2008 கடைசியில் தொடங்கி 2009 மே மட்டும் எல்லாம் ஒரே கட்டையாகக் கிடக்கும். அதை வைத்து ஆரும் ஒரு கேள்வி கேட்டால், பக்கம் புரட்டிப் புரட்டியே பொழுது போய்விடும்.

அதுவும் எங்கட ஆக்களிடம் ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டாயிற்று. 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தது. 2013 க்குப் பிறகு பரணகம ஆணைக்குழு வந்தது. பிறகு 2016 சட்டத்தின் கீழ் காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொரு இடத்திலும் ஞாபகத்தில் வந்ததைச் சொன்னால் ஒரு இடத்தில் ஜனவரி, இன்னொரு இடத்தில் பெப்ரவரி என்று பதிவாகிவிடும். கொப்பியைத் திகதி வரிகளாக்கி வைத்திருந்தால், எங்கே போனாலும் ஒரே தாளைப் பார்த்து ஒரே பதிலைச் சொல்லலாம்.

எப்படிச் செய்வது என்று ஒரு மாதிரியை வைத்தே காட்டுகிறேன். இது ஒரு வீட்டுக் கொப்பி அல்ல. பல கொப்பிகளின் சாயலில் நானே எழுதியது:

"வருசம் பிறக்க முந்தியே தருமபுரம் வந்திட்டம் கிளிநொச்சி விட்டாச்சு எண்டு அங்கதான் கேட்டது பிறகு விசுவமடு பொங்கலுக்கு அங்கதான் கல்லு வச்சுப் பொங்கினது பால் இல்லை ஒரு கிழமையால லான்ட்மாஸ்டரில உடையார்கட்டு வந்தம் தையல் மெசினை விட்டிட்டம் பங்கர் வெட்டி இருக்கேக்க கிரகணம் பிடிச்ச அண்டைக்கு மாமா தண்ணிக்குப் போய் காலில காயம் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில விட்டது மாமி நாலைஞ்சு நாள் நிண்டிட்டு பிள்ளையளிட்ட வந்திட்டா ஆஸ்பத்திரியையும் மாத்தளனுக்கு மாத்தினாங்கள் மாமாவைக் கப்பலில ஏத்தினது எண்டு சொல்லிச்சினம் நாங்கள் அப்ப இரணைப்பாலை"

1. கொப்பியில் கை வைக்காதே

முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுப்பது. பிறகு போட்டோப் பிரதி எடுத்து, அதில் மட்டும் பக்க எண்ணும் வரி எண்ணும் பென்சிலால் போடு. அம்மாவின் எழுத்துக்கு மேலே திருத்துவது, பிழையை வெட்டுவது, பக்கத்தில் திகதி எழுதுவது ஒன்றும் வேண்டாம். பின்னாளில் ஆரும் பார்த்தால், எது 2009 இல் எழுதியது, எது நீ இப்போது சேர்த்தது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். நீ எழுதப்போகிற ஒவ்வொரு வரியும் "பக்கம் 3, வரி 7" என்று கொப்பியைக் காட்ட வேண்டும். அப்படிக் காட்ட முடியாத வரி உன்னுடைய ஞாபகம். அது தனித்தாளுக்குப் போகட்டும்.

2. முதலில் வெட்டு, பிறகு திகதி போடு

பிள்ளைகள் பெரும்பாலும் எடுத்தவுடனே திகதி தேடத் தொடங்குவார்கள். அதனால்தான் குழப்பம் வருகிறது. முதலில் பிரதியில் சாய்கோடு போட்டுக்கொண்டு போ. இடம் மாறினால் ஒரு கோடு. கூட இருந்த ஆள் மாறினால் ஒரு கோடு. ஒரு பொருளோ ஒரு உயிரோ கைவிட்டுப் போனால் ஒரு கோடு. ஒரு செய்தி காதுக்கு வந்தால் அதற்கும் ஒரு கோடு.

மாமாவின் இடத்தைப் பார். "காலில காயம் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில விட்டது" என்று ஒரே இழுப்பில் வருகிறது. ஆனால் காயப்பட்டது ஒன்று, ஆஸ்பத்திரியில் சேர்த்தது இன்னொன்று. இரண்டு வரி. இதைப் பிரிக்காவிட்டால் வீட்டில் சண்டை வரும். அம்மா "கிரகணத்தண்டு" என்பார், மாமி "இல்லை, அதுக்கு அடுத்த நாள்" என்பார். அம்மா காயப்பட்ட நாளைச் சொல்கிறார், மாமி சேர்த்த நாளைச் சொல்கிறார். பல வீடுகளில் திகதி முரண் என்று நினைப்பது, இரண்டு சம்பவத்தை ஒன்றாகக் கட்டி வைத்ததால் வருவதுதான்.

வெட்டின வரிகளுக்கு 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண் போடு. பிறகு மாமி ஒன்றைச் சொல்லி நடுவில் சேர்க்க வேண்டி வந்தால் 85 என்று செருகலாம், மற்ற எண்ணெல்லாம் கலையாது.

3. திகதி தெரிந்த கம்பங்களை நடு

வேலி அடைக்கிறபோது முதலில் கதியால் நட்டுவிட்டுத்தானே இடையில் வரிச்சுக் கட்டுவோம்? அதே மாதிரி, திகதி சந்தேகமில்லாத நாட்களை முதலில் நட்டுவிடு. அம்மாமார் திகதி எழுதாவிட்டாலும் கோயில் நாளையும் வானத்தையும் விடாமல் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்துக்கு உதவுகிற சில:

2008 நவம்பர் கடைசிக் கிழமை: நிஷா புயல் மழையும் வெள்ளமும். "வெள்ளத்துக்குள்ள தறப்பாள்" என்று வந்தால் பெரும்பாலும் இதுதான்.

2009-01-02: கிளிநொச்சி நகரம் படையினரிடம் வீழ்ந்ததாக அரசு அறிவித்த நாள்.

2009-01-14: தைப்பொங்கல், புதன்கிழமை.

2009-01-26: தை அமாவாசை, திங்கட்கிழமை. அன்றைக்குப் பிற்பகலில் சூரிய கிரகணமும். எங்கட பக்கம் அது பகுதிக் கிரகணமாகத் தெரிந்தது.

2009-02-04: புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளர்களை மாத்தளன் பக்கம் கொண்டுபோன நாள்.

2009-02-10: செஞ்சிலுவைச் சங்கம் மாத்தளன் கரையிலிருந்து காயக்காரரைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றத் தொடங்கிய நாள்.

2009-04-14: சித்திரை வருசப்பிறப்பு.

2009-04-20: மாத்தளன் பக்கம் மண் அணை உடைந்து, பெருந்தொகையான சனம் ஒரே நாளில் வெளியே வந்தது.

இந்தப் பட்டியலைப் பாவிக்கிறபோது ஒன்றை மறக்காதே. சம்பவம் நடந்த நாள் வேறு, அது அம்மாவின் காதுக்கு வந்த நாள் வேறு. "கிளிநொச்சி விட்டாச்சு எண்டு கேட்டது" என்ற வரிக்கு ஜனவரி 2 என்று அடித்துவிடக் கூடாது. அன்றைக்கே கேட்டிருக்கலாம், இரண்டு நாள் கழித்தும் கேட்டிருக்கலாம். ஜனவரி 2 க்கு முந்திக் கேட்டிருக்க முடியாது என்பது மட்டும்தான் நிச்சயம்.

4. ஒரு திகதிக்குப் பதில் இரண்டு எல்லை

தெரியாத நாளுக்கு ஒரு திகதியை ஊகித்து எழுதாதே. "இதற்கு முந்தி இல்லை", "இதற்குப் பிந்தி இல்லை" என்று இரண்டு எல்லை போடு. நிச்சயமான நாளுக்கு இரண்டு பக்கமும் ஒரே திகதி வரும்.

விசுவமடுவிலிருந்து உடையார்கட்டு வந்ததை எடு. "ஒரு கிழமையால" என்கிறார் அம்மா. பொங்கலிலிருந்து ஒரு கிழமையா, விசுவமடு வந்ததிலிருந்து ஒரு கிழமையா? எழுத்தில் இல்லை. ஜனவரி 21 என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது உன்னுடைய கண்டுபிடிப்பு. பொங்கலுக்கு விசுவமடுவில் இருந்தார்கள், கிரகணத்துக்கு உடையார்கட்டில் பங்கர் வெட்டி இருந்தார்கள். ஆகவே 15 க்கு முந்தி இல்லை, 25 க்குப் பிந்தி இல்லை. அவ்வளவுதான் கொப்பி தருகிறது. "21 ஆக இருக்கலாம்" என்பதைக் கடைசியில் குறிப்பாகப் போடு.

நாள் எண்ணுகிறபோது எங்கட வழக்கமும் ஞாபகத்தில் இருக்கட்டும். எங்கட ஆக்கள் தொடங்கின நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். எட்டுச்செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் அப்படித்தான். 26 ஆம் திகதி நடந்ததற்கு "மூண்டாம் நாள்" என்றால் 28, 29 அல்ல. "மூண்டு நாள் கழிச்சு" என்றால்தான் 29. ஆரைக் கேட்டு எழுதினாலும் விரல் மடித்து எண்ணிக் காட்டச் சொல்லு.

செத்தவர்களின் நாளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. திகதி மறந்த வீட்டிலும் திதி மறக்க மாட்டார்கள், வருசாவருசம் திவசம் செய்கிறார்களே. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி மூன்றும் தெரிந்தால், அந்த வருசத்துப் பஞ்சாங்கத்தில் நாளைப் பிடிக்கலாம். திதி இரண்டு ஆங்கிலத் திகதியில் விழக்கூடும் என்பதால் இரண்டையும் எல்லையாகப் போடு.

திகதியை 2009-01-26 என்று வருசம் முதலாக எழுது. 01/02/09 என்று எழுதினால், எங்களுக்கு அது பெப்ரவரி முதலாம் திகதி, வெளிநாட்டில் இருக்கிற அண்ணாவின் கொம்பியூட்டருக்கு அது ஜனவரி இரண்டாகவும் போகலாம். வருசம் முதலில் வந்தால் விரிதாளில் அடுக்குவதும் தானாகச் சரியாக வரும்.

5. கண்ணா, காதா?

ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் இரண்டு குறி. முதலாவது திகதிக்கு: "உ" என்றால் உறுதி, "க" என்றால் கணக்குப் பார்த்து எடுத்தது. இரண்டாவது சாட்சிக்கு: "கண்" என்றால் வீட்டு ஆள் நேரில் கண்டது, "காது" என்றால் சொல்லக் கேட்டது. கண் என்றால் ஆருடைய கண் என்றும் எழுது.

அம்மாவின் வினைச்சொல்லை மாற்றாதே. "கப்பலில ஏத்தினது எண்டு சொல்லிச்சினம்" என்பதை "மாமா கப்பலில் ஏற்றப்பட்டார்" என்று நல்ல தமிழாக்கினால், கேள்விப்பட்ட கதை கண்ட சாட்சியாகிவிடும். ஆர் சொன்னது என்று கொப்பியில் இல்லாவிட்டால் "சொன்னவர்: குறிப்பு இல்லை" என்றே எழுது. வெற்றிடம் தெரிந்தால்தான் பிறகு கேட்டு நிரப்பலாம்.

6. இப்போது முழுவதையும் பார்

ஒவ்வொரு வரியும் இந்த ஒழுங்கில்: எண் | முந்தி இல்லை | பிந்தி இல்லை | இடம் | சம்பவம் | குறி. கொப்பியில் பக்கம், வரி எண்ணை நீ கடைசியில் சேர்த்துக்கொள்.

10 | தெரியாது | 2008-12-31 | தருமபுரம் | குடும்பம் வந்து சேர்ந்தது | க, கண் (அம்மா)

20 | 2009-01-02 | 2009-01-14 | தருமபுரம் | கிளிநொச்சி விட்டாச்சு என்று கேட்டது | க, காது

30 | 2009-01-02 | 2009-01-14 | விசுவமடு | வந்து சேர்ந்தது | க, கண் (அம்மா)

40 | 2009-01-14 | 2009-01-14 | விசுவமடு | பொங்கியது, பால் இல்லை | உ, கண் (அம்மா)

50 | 2009-01-15 | 2009-01-25 | உடையார்கட்டு | லான்ட்மாஸ்டரில் வந்தது. "ஒரு கிழமையால" | க, கண் (அம்மா)

60 | 2009-01-15 | 2009-01-25 | இடம் குறிப்பு இல்லை | தையல் மெசின் கைவிட்டது | க, கண் (அம்மா)

70 | 2009-01-26 | 2009-01-26 | உடையார்கட்டு | மாமா தண்ணிக்குப் போய்க் காலில் காயம் | உ, சாட்சி கேட்க வேண்டும்

80 | 2009-01-26 | 2009-01-27 | புதுக்குடியிருப்பு | மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது | க, கண் (மாமி)

90 | 2009-01-29 | 2009-02-01 | புதுக்குடியிருப்பு | மாமி "நாலைஞ்சு நாள்" நின்றுவிட்டுத் திரும்பியது | க, கண் (மாமி)

100 | 2009-02-04 | 2009-02-04 | புதுக்குடியிருப்பு | ஆஸ்பத்திரியை மாத்தளனுக்கு மாற்றியது | உ (பொதுப் பதிவு), காது

110 | 2009-02-10 | தெரியாது | மாத்தளன் | மாமாவைக் கப்பலில் "ஏத்தினது எண்டு சொல்லிச்சினம்" | க, காது, சொன்னவர் குறிப்பு இல்லை

120 | 2009-02-10 | தெரியாது | இரணைப்பாலை | குடும்பம் அந்தக் கதையைக் கேட்டது | க, கண் (அம்மா)

இனிக் குறிகளை மட்டும் மேலிருந்து கீழே பார். அம்மாவின் கட்டையை வாசித்தால் மாமாவின் கதை கப்பலில் முடிகிறது. "கடைசியாகக் கண்டது எப்போது?" என்று கேட்டால் வீட்டில் எல்லாரும் "கப்பலில ஏத்தேக்க" என்பார்கள். ஆனால் வரிகளில், வீட்டு ஆள் ஒருவர் மாமாவைக் கண்ணால் கண்டது 90 ஆம் வரியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி வருவது எல்லாம் காது. ஜனவரி கடைசிக்கும் பெப்ரவரி 10 க்கும் இடையில் மாமா எங்கே என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு ஷெல் விழுந்ததும், நோயாளர்களை இடம்மாற்றியதும் வருகிறது.

காணாமற்போனோர் விண்ணப்பங்களில் கேட்பது இதைத்தான்: கடைசியாக எங்கே, எப்போது, ஆர் கண்டது? சரியான பதில் இப்படி வரும்: "2009 ஜனவரி 29 க்கும் பெப்ரவரி 1 க்கும் இடையில், புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில், மனைவி கண்டார். பிறகு கப்பலில் ஏற்றியதாகக் கேள்வி, சொன்னவர் தெரியாது." தேட வேண்டிய இடமும் இப்போது இரண்டாகிவிட்டது. கப்பல் கதை சரியென்றால் திருகோணமலைப் பக்கம் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஆஸ்பத்திரி இடம்மாறின நாட்களில் அங்கே நின்றவர்களைக் கேட்க வேண்டும். 70 ஆம் வரியிலும் ஒரு வேலை கிடக்கிறது: மாமாவோடு தண்ணிக்குப் போனது ஆர்?

60 ஆம் வரியையும் சின்ன விசயம் என்று தள்ளாதே. இழந்த சாமான், காணி, வீடு பற்றின வரிகளை ஒன்றாக எடுத்தால் இழப்பீட்டு விண்ணப்பத்துக்குத் தனித்தாள் ஆகும். எங்கெங்கே எப்போதிருந்து எப்போது மட்டும் இருந்தோம் என்ற வரிகள், காணியை விருப்பத்தில் விட்டுப் போகவில்லை, இடம்பெயர்ந்துதான் போனோம் என்று பிரதேச செயலகத்தில் விளக்க உதவும். அங்கே இந்தத் தாள் ஆதாரப் பத்திரம் ஆகாது. பெர்மிட், குடும்ப அட்டை, முகாம் பதிவுத் துண்டு, ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால் அதன் எண்ணை அந்தந்த வரியோடு எழுதிவிடு. துண்டில் இருக்கிற திகதி உன் எல்லைக்கு வெளியே விழுந்தால் வரியை அழிக்காதே. கீழே இன்னொரு வரியாகத் துண்டின் திகதியைப் போட்டு, இரண்டும் பொருந்தவில்லை என்று குறி.

7. எங்கே கவனம் வேண்டும்

எல்லா வரியும் "உ" என்று வந்தால் நீ எங்கேயோ ஊகத்தை உறுதியாக்கிவிட்டாய். அந்த மாதங்களைப் பற்றின கொப்பியில் பாதிக்கு மேல் "க" வருவதுதான் இயல்பு. அதே மாதிரி, ஒரு வரியின் "முந்தி இல்லை" திகதி அதன் "பிந்தி இல்லை" திகதியைத் தாண்டிப் போனால், ஒன்றில் ஒழுங்கு பிழை, இல்லை இரண்டு சம்பவம் ஒட்டிக் கிடக்கிறது. திரும்பி இரண்டாவது டிப்ஸுக்குப் போ.

கொப்பியில் அயலவர் பெயர், ஆர் எந்தப் பக்கம் போனார், ஆருடைய பிள்ளையைப் பிடித்துப் போனார்கள் என்பதெல்லாம் இருக்கும். வீட்டுத் தாளில் அது இருக்கட்டும். வெளியே கொடுக்கிற தாளுக்கு, கேட்ட விசயத்துக்குரிய வரிகளை மட்டும் அதே எண்ணோடு பிரதி பண்ணு. எண் இடையில் விடுபடுவது பிழையில்லை. மற்றவர்களின் பெயரைச் சம்மதம் கேட்காமல் எந்த அலுவலகத்துக்கும் கொடுக்காதே. மூலக் கொப்பியை ஆர் கேட்டாலும் கையளிக்காதே, பிரதியைக் கொடு.

ஒரே இருப்பில் முழுக் கொப்பியையும் முடிக்கப் பார்க்காதே. இரண்டு பக்கம் வெட்டி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அவர் நிறுத்து என்றால் நிறுத்து. அன்றைக்கு அவர் புதிதாகச் சொன்னதை "அம்மா இன்று சொன்னது" என்று இன்றைய திகதியோடு தனித்தாளில் எழுது. 2009 இல் எழுதினதும் இப்போது சொன்னதும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

எழுதினவர்களும் கூட நின்றவர்களும் வயதாகிக்கொண்டு போகிறார்கள். ஆகவே தங்கச்சி, திகதி தேடுவதைப் பிறகு பார்க்கலாம், அதற்குப் பஞ்சாங்கம் இருக்கும். "கண்" ஆருடையது, "சொன்னவர்" ஆர் என்ற வெற்றிடங்களை மட்டும் இந்த மாதத்திலேயே கேட்டு நிரப்பிவிடு.